நடுச்சுவர் எவ்வளவு சுமக்கிறது?

இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறக்கையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், முன்பகுதியில் ஆங்கில D எழுத்தைப் போன்ற ஒரு மூடிய அறை தெரியும். வளைந்த முன்விளிம்புத் தகடு அதன் வயிறு. இறக்கையின் நீளத்துக்கும் ஓடும் முக்கிய உத்தரம், அதாவது ஸ்பார், அதன் நேர்கோடு. முன்விளிம்புத் தகடு கனமானது. ஸ்பாருக்குப் பின்னால் இறக்கையை மூடியிருக்கும் தகடோ மெல்லியது. இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் காக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் அந்த D அறையிடமே விட்டிருந்தார்கள்.

இறக்கை ஏன் முறுக்கிக்கொள்ள வேண்டும்? விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க விமானி இறக்கையின் பின்விளிம்பில் உள்ள அய்லரான் மடலைக் கீழே இறக்குகிறார். காற்று அந்த மடலை மேலே தள்ளுகிறது. தள்ளு விழுவது பின்விளிம்பில் என்பதால், இறக்கையின் மூக்கு கீழே திரும்பப் பார்க்கிறது. மூக்கு கீழே திரும்பினால் அந்த இறக்கையின் தூக்குவிசை குறையும். வேகம் கூடக்கூட இந்த இழப்பும் கூடும். ஒரு கட்டத்தில் மடல் தந்த ஆதாயத்தை முறுக்கல் முழுக்கத் தின்றுவிடும். அதற்கும் மேலே போனால் விமானம் விமானி கேட்ட பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாயும். ஸ்பிட்ஃபயரின் வேகம் ஆண்டுக்காண்டு ஏறியபோது இந்தத் தொல்லையும் ஏறியது. போரின் கடைசிக் கட்டத்தில் வந்த 21ஆம் வகைக்கு, முன்னதைவிட ஏறக்குறைய பாதியளவு கூடுதல் விறைப்போடு இறக்கையைப் புதிதாக வடிவமைக்க வேண்டியிருந்தது.

முறுக்கலை எதிர்ப்பதில் உலோகம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது மூடிய வளையமாக இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அலுமினியத் தாள் சுற்றி வரும் அட்டைக் குழாய் ஒன்றை இரு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், அசையாது. அதையே நீளவாக்கில் ஒரு கத்திக்கோடு போட்டுவிட்டு முறுக்குங்கள். வெட்டின் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று உரசி வழுக்க, குழாய் சுலபமாகத் திருகிக்கொள்ளும். அட்டை ஒரு துளிகூடக் குறையவில்லை. வெட்டின் குறுக்கே ஒரு விளிம்பு மறுவிளிம்பைப் பிடித்து நிறுத்திய விசைதான் போய்விட்டது.

தகட்டின் ஒரு பகுதியை அடுத்த பகுதி வழுக்கவிடாமல் பிடிக்கும் இந்த விசையைப் பொறியாளர்கள் ஷியர் என்கிறார்கள். மெல்லிய சுவரில், சுவரின் ஒவ்வொரு மில்லிமீட்டர் நீளத்துக்கும் இது எவ்வளவு என்று கணக்கிட்டால் கிடைப்பது ஷியர் ஓட்டம். q என்று குறிப்பார்கள். ஓட்டம் என்ற பெயர் பொருத்தமானதுதான். வாய்க்கால் அகன்றாலும் குறுகினாலும் அதில் ஓடும் தண்ணீரின் அளவு மாறாததைப் போல, ஒரே மூடிய அறையைச் சுற்றி வரும்போது சுவர் தடித்தாலும் மெலிந்தாலும் q மாறுவதில்லை. தடித்த இடத்தில் அழுத்தம் குறையும், மெலிந்த இடத்தில் கூடும், அவ்வளவே. சுவரில் எங்காவது இரண்டு பக்கமும் வெவ்வேறு q இருந்தால், இடையில் உள்ள தகட்டுத் துண்டை நீளவாக்கில் இழுக்கும் விசைகள் சமப்படாமல் அது நகர்ந்துவிடும். அப்படி நகராததால் q எங்கும் ஒன்றே.

1896இல் ஜெர்மனியின் ருடால்ஃப் பிரெட் இந்த விதியை எழுதினார். அவர் விமானக்காரர் அல்ல. விமானமே அப்போது கிடையாது. ரூர் ஆற்றங்கரையில் உள்ள வெட்டர் என்ற ஊரில் பளுதூக்கிகள் செய்தவர். அவர் தந்த வாய்பாடு மிகச் சிறியது:

T = 2·A·q

T என்பது முறுக்குவிசை, A என்பது அறை சூழ்ந்துள்ள பரப்பு. சுவரின் சிறு துண்டு ஒன்றில் உள்ள விசை, அறைக்குள் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இழுக்கிறதோ, அந்தத் தூரத்தோடு பெருக்கினால் அதன் முறுக்கு கிடைக்கும். அந்தத் துண்டும் அந்தப் புள்ளியும் சேர்ந்து ஒரு முக்கோணம். நீளத்தைத் தூரத்தால் பெருக்கினால் முக்கோணத்தின் பரப்பைப் போல இரண்டு மடங்கு. சுற்றிவந்து எல்லாவற்றையும் கூட்டினால் அறையின் மொத்தப் பரப்பைப் போல இரண்டு மடங்கு. அந்த 2 அங்கிருந்து வருகிறது. வாய்பாட்டில் சுவரின் தடிமனோ, பொருள் இரும்பா அலுமினியமா என்பதோ இல்லை. ஒரே அறை இருக்கும்வரை, முறுக்குவிசையும் பரப்பும் தெரிந்தால் ஓட்டம் தெரிந்துவிடும்.

இரண்டு அறை ஆனவுடன் இந்தச் சுலபம் போய்விடுகிறது.

இப்போது T = 2·A1·q1 + 2·A2·q2. ஒரு சமன்பாடு, தெரியாதவை இரண்டு. முறுக்குவிசையை முதல் அறையும் இரண்டாம் அறையும் எந்த விகிதத்தில் பங்கிட்டாலும் இந்தக் கணக்கு சரியாகவே வரும். பங்கைத் தீர்மானிக்க இன்னொரு செய்தி வேண்டும். அந்தச் செய்தி விசையைப் பற்றியது அல்ல, உருமாற்றத்தைப் பற்றியது. இரண்டு அறைகளும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்று ஒரு மீட்டருக்கு அரை டிகிரி திரும்பினால் மற்றதும் அதே அரை டிகிரிதான் திரும்ப முடியும். இறக்கைக்குள் குறுக்கே வரிசையாக நிற்கும் ரிப் தகடுகள் வெட்டுமுகத்தின் வடிவம் சிதையாமல் பிடித்துக்கொள்வதால்தான் இதை நம்பிச் சொல்ல முடிகிறது.

ஒரு அறை எவ்வளவு திரும்பும் என்பதை அதன் சுவர்களைச் சுற்றிவந்து கணக்கிடலாம். ஒவ்வொரு சுவரின் நீளத்தையும் அதன் தடிமனால் வகுத்தால் வரும் எண்ணைத் தளர்ச்சி எண் என்று வைத்துக்கொள்வோம். நீண்ட, மெல்லிய சுவர் அதிகம் தளரும், குட்டையான தடித்த சுவர் குறைவாகத் தளரும். ஒவ்வொரு சுவரின் தளர்ச்சி எண்ணையும் அதில் ஓடும் q-ஐயும் பெருக்கி, அறையைச் சுற்றிக் கூட்டி, அறையின் பரப்பைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால் திருப்பம் கிடைக்கும். பொருளின் விறைப்பாலும் வகுக்க வேண்டும், ஆனால் இரண்டு அறைகளும் ஒரே அலுமினியம் என்றால் ஒப்பிடும்போது அது அடிபட்டுப் போகும்.

நடுச்சுவர் இரண்டு அறைகளுக்கும் பொது. முதல் அறையில் ஓட்டம் கடிகார முள்ளின் திசையில் சுற்றுகிறது என்றால், அதன் வலச்சுவரில் அது கீழ்நோக்கி இறங்கும். இரண்டாம் அறையிலும் அதே திசையில் சுற்றினால், அதன் இடச்சுவரில் மேல்நோக்கி ஏறும். அந்த வலச்சுவரும் இந்த இடச்சுவரும் ஒரே தகடு. ஆகவே நடுச்சுவரில் ஓடுவது q1, q2 இரண்டின் கூட்டல் அல்ல, வித்தியாசம்.

இதன் விளைவு பலரை முதலில் திகைக்க வைக்கும். இரண்டு அறைகளும் அச்சாக ஒரே மாதிரி இருந்தால் q1-உம் q2-உம் சமம், வித்தியாசம் சுழி. நடுச்சுவர் எவ்வளவு தடியாக இருந்தாலும் முறுக்கலில் அது எதையும் சுமக்காது. பெட்டிக்கு நடுவில் சுவர் வைத்தால் இரண்டு மடங்கு பலம் என்று மனசு சொல்லும். முறுக்கலைப் பொறுத்தவரை அந்தச் சுவரை எடுத்துவிட்டாலும் கணக்கு மாறாது. ஆனால் அதே சுவர் இறக்கையை மேல்நோக்கி வளைக்கும் விசைக்கு எதிராக முதுகெலும்பாக நிற்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு வேலையில் சும்மா நிற்பவர் இன்னொரு வேலையில் முழுப் பாரத்தையும் ஏற்பதுண்டு.

இதைக் கண்ணால் பார்க்கவும் வழி இருந்தது. 1903இல் லுட்விக் பிராண்டில், முறுக்கப்படும் தண்டின் கணக்கும் ஊதப்பட்ட மெல்லிய படலத்தின் கணக்கும் ஒன்றே என்று காட்டினார். 1917இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் கிரிஃபித்தும் ஜி. ஐ. டெய்லரும், வெட்டுமுகத்தின் வடிவத்தில் தகட்டில் ஓட்டை வெட்டி, அதன்மேல் சோப்புப் படலம் கட்டி, மெல்ல ஊதி, படலத்தின் சரிவை அளந்தார்கள். சரிவு எங்கு செங்குத்தோ அங்கு அழுத்தம் அதிகம். படலத்துக்கு அடியில் உள்ள கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு முறுக்குவிசையைக் காட்டும்.

அறை உள்ள வெட்டுமுகமானால், அறையின் இடத்தில் எடையே இல்லாத ஒரு தட்டையான தகடு இருப்பதாகவும், ஊதும்போது அது சாயாமல் மேலே எழுவதாகவும் கற்பனை செய்ய வேண்டும். தகடு எழும் உயரமே அந்த அறையின் q. சுற்றிலும் உள்ள சுவரின் மேல், படலம் தகட்டிலிருந்து வெளிவிளிம்புக்குச் சரிந்து இறங்கும். இரண்டு அறைக்கு இரண்டு தகடுகள். இரண்டும் ஒரே உயரத்துக்கு எழுந்தால் இடையில் உள்ள படலம் சமதளம், சரிவே இல்லை. ஒன்று உயர்ந்து மற்றது தாழ்ந்திருந்தால் நடுவில் சிறு சரிவு. அந்தச் சரிவே நடுச்சுவரின் பாரம்.

இனி ஓர் எண் கணக்கைக் கையால் போட்டுவிடலாம். பயணிகள் விமானங்களை ஒத்த அமைப்பு: முன்னால் அரைவட்ட மூக்கு, பின்னால் இரண்டு ஸ்பார்களுக்கு இடையே பெரிய பெட்டி. எண்கள் நான் வைத்துக்கொண்டவை, எந்த விமானத்தின் எண்களும் அல்ல. உயரம் 300 மில்லிமீட்டர். மூக்கின் வளைந்த தகடு சுமார் 470 மி.மீ நீளம், 1 மி.மீ தடிமன். நடுச்சுவரான முன் ஸ்பார் 300 நீளம், 2 தடிமன். பெட்டியின் மேல்தகடும் கீழ்த்தகடும் தலா 600 நீளம், 2 தடிமன். பின் ஸ்பார் 300 நீளம், 1.5 தடிமன். மூக்கறையின் பரப்பு சுமார் 35,000 சதுர மி.மீ, பெட்டியின் பரப்பு 1,80,000. முறுக்குவிசை 40,000 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீள நெம்புகோலின் நுனியில் ஏறக்குறைய 4 டன் தொங்கினால் வரும் முறுக்கு.

தளர்ச்சி எண்களைப் பார்ப்போம். மூக்குத் தகட்டுக்கு 470. நடுச்சுவருக்கு 150. பெட்டியின் மேல், கீழ்த் தகடுகள் இரண்டுக்கும் சேர்த்து 600, பின் ஸ்பாருக்கு 200, ஆக 800. மூக்கறையைச் சுற்றினால் 470-ஐ q1-ஆலும், 150-ஐ வித்தியாசத்தாலும் பெருக்க வேண்டும். பெட்டிக்கும் அப்படியே. இரண்டு திருப்பங்களும் சமம் என்றால்:

(620·q1 − 150·q2) / 70000 = (950·q2 − 150·q1) / 360000

இதைத் தீர்த்தால் q1, q2-இல் பாதிக்குச் சற்றே மேல், சரியாகச் சொன்னால் 0.516 மடங்கு. அதை முறுக்குவிசைச் சமன்பாட்டில் வைத்தால் பெட்டியில் மில்லிமீட்டருக்கு 101 நியூட்டன், மூக்கில் 52, நடுச்சுவரில் 49. சுவரின் ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் பெட்டித் தகடு ஏறக்குறைய 10 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்குகிறது. இறக்கை மீட்டருக்கு அரை டிகிரி அளவில், அதாவது 0.52 டிகிரி, திரும்பும்.

மூக்கின் பங்கு மொத்த முறுக்கில் 9 சதவீதம்தான், சுமார் 3,650 நியூட்டன் மீட்டர். மீதி எல்லாம் பெட்டியின் தலையில். ஆனாலும் மூக்குத் தகட்டில் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 52 நியூட்டன், இருமடங்கு தடித்த பெட்டித் தகட்டில் 50. பங்கு சிறிது என்பதால் அழுத்தமும் சிறிது என்று நினைத்துவிடக் கூடாது. தகடு மெல்லியது, அவ்வளவு சிறிய பங்கே அதை முழுக்க வேலை வாங்கிவிடுகிறது.

மூக்கில் ஏன் பாதிதான் ஓடுகிறது? இதற்குக் கணக்கே போடாமல் ஒரு சுருக்குவழி உண்டு. நடுச்சுவரை விட்டுவிட்டு, ஒவ்வொரு அறையின் பரப்பையும் அதன் வெளிச்சுவரின் தளர்ச்சி எண்ணால் வகுத்துப் பாருங்கள். மூக்குக்கு 35,000-ஐ 470-ஆல் வகுத்தால் 74. பெட்டிக்கு 1,80,000-ஐ 800-ஆல் வகுத்தால் 225. எண் பெரிதாக இருக்கும் அறையில்தான் ஓட்டமும் பெரிது. இரண்டும் சமமானால் நடுச்சுவர் ஓய்வெடுக்கும். அறைகள் அளவில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, இந்த விகிதம் ஒன்றாக இருந்தால் போதும். கணிப்பொறி தரும் விடையை நம்புவதற்கு முன்பு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பெரிய விகிதம் உள்ள அறைக்குச் சிறிய ஓட்டம் வந்திருந்தால் எங்கோ குறி தப்பியிருக்கிறது.

குறி தப்புவது இந்தக் கணக்கில் சகஜம். நடுச்சுவரில் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டால், மேலே சொன்ன மூக்குக்கு 52-க்குப் பதில் வெறும் 6 அல்லது 7 வரும். அது அபத்தம் என்று கண்ணுக்கே தெரிவதால் தப்பித்துவிடுவோம். இன்னொரு தவறு பார்வைக்குக் கௌரவமானது, அதனால் ஆபத்தானது. இரண்டு அறைகளையும் தனித்தனிப் பெட்டிகளாக வைத்து, ஒவ்வொன்றின் விறைப்பையும் பிரெட்டின் வாய்பாட்டால் கண்டு, விறைப்பின் விகிதத்தில் முறுக்கைப் பங்கிட்டுவிடுவது. சந்தில் கூட்டல் சரிவரும், மொத்த முறுக்கும் 40,000 வரும், எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஆனால் மூக்குக்கு 31 வரும். உண்மையில் அங்கு ஓடுவது 52. நடுச்சுவருக்கு 74 வரும், உண்மை 49.

இதற்குக் காரணம் நடுச்சுவரில் நடக்கும் கழித்தல்தான். தனிப் பெட்டியாக எண்ணும்போது மூக்கின் ஓட்டம் நடுச்சுவரை முழுக்க வழுக்கச் செய்வதாகக் கொள்கிறோம். உண்மையில் பெட்டியின் ஓட்டம் எதிர்த்திசையில் வந்து அந்தச் சுவரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தனியாக இருப்பதைவிட மூக்கு இப்போது அதிக விறைப்பாகிறது. விறைப்பானவர் அதிகம் சுமக்கத்தானே வேண்டும்! தவறான கணக்கை நம்பி மூக்குத் தகட்டை மெலித்தவர், உண்மைச் சுமையில் ஐந்தில் மூன்று பங்குக்கு மட்டுமே தயாராக இருப்பார். இதைப் பிடிக்க ஒரே வழி, கிடைத்த ஓட்டங்களை வைத்து இரண்டு அறைகளின் திருப்பத்தையும் தனித்தனியே மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுவது. மற்ற இரண்டு சோதனைகளில் இந்தத் தவறு தேறிவிடும், இதில் தேறாது.

நடுச்சுவரே இல்லாமல் எல்லாம் ஒரே பெரிய அறையாக இருந்தால் என்ன ஆகும்? திருப்பம் 0.52-இலிருந்து 0.58 டிகிரி ஆகும். அவ்வளவுதான். ஆனால் மூக்குத் தகட்டில் ஓட்டம் 52-இலிருந்து 93-ஆக ஏறும். இறக்கையின் விறைப்புக்கு நடுச்சுவர் தரும் உதவி சொற்பம். அது செய்யும் பெரிய உதவி, மெல்லிய மூக்கை அளவுக்கு மீறிய வேலையிலிருந்து காப்பது.

அதைவிடப் பெரிய உதவி சேதம் நேரும்போது தெரியும். பறவை மோதி மூக்குத் தகடு நீளவாக்கில் கிழிந்தது என்று வையுங்கள். மூக்கறை வெட்டிய அட்டைக் குழாயாகிவிடும், கணக்கில் அது இல்லை. ஆனால் நடுச்சுவர் இருப்பதால் பின்பெட்டி இன்னும் மூடியே இருக்கிறது. அதில் ஓட்டம் 101-இலிருந்து 111-ஆகிறது, திருப்பம் மீட்டருக்கு 0.62 டிகிரி. விமானம் தரையிறங்கப் போதும். நடுச்சுவர் இல்லாத இறக்கையில் அதே கிழிசல் முழு வெட்டுமுகத்தையும் திறந்துவிடும். இங்கே சொன்ன அளவுகளில், திறந்த வெட்டுமுகத்தின் முறுக்கல் விறைப்பு மூடியதன் சுமார் 39,000-இல் ஒரு பங்குதான். வேரில் உடற்பகுதியோடு இறுகப் பிணைந்திருப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்றாலும், இறக்கை என்று அதை நம்ப முடியாது.

எந்த அறை உடைகிறது என்பதும் முக்கியம். பின் ஸ்பார் பிளந்து பெட்டி திறந்துகொண்டால் மிஞ்சுவது மூக்கறை மட்டும். முழு முறுக்கையும் அந்தச் சிறிய பரப்பே ஏற்க வேண்டும். ஓட்டம் 571-ஆகத் தாவும். 1 மி.மீ தகட்டில் அழுத்தமும் 571. விமான அலுமினியக் கலவைகள் ஷியரில் 300-ஐ ஒட்டிய அளவிலேயே முறிந்துவிடும். முறியாவிட்டாலும் இறக்கை மீட்டருக்கு 10 டிகிரிக்கு மேல் திருகும். சுவர் மிஞ்சியதா என்பதைவிட, மூடிய பரப்பு எவ்வளவு மிஞ்சியது என்பதே உயிர் பிழைப்பதைத் தீர்மானிக்கிறது. இன்றைய பெரிய விமானங்களில் முன்விளிம்பிலிருந்து வெளியே நீளும் ஸ்லாட் மடல்கள் இருப்பதால் மூக்கை மூடிய அறையாக நம்புவதே இல்லை. முறுக்கைச் சுமப்பது ஸ்பார்களுக்கு இடைப்பட்ட பெட்டிதான். ஸ்பிட்ஃபயரின் ஏற்பாட்டுக்கு இது நேர் எதிர்.

இதுவரை சொன்ன கணக்கு ஒன்றை நம்பியிருக்கிறது: தகடு தட்டையாகவே நிற்கிறது என்பதை. மெல்லிய தகடு அதற்கு உடன்படாது. ஷியரில் அது மூலைவிட்டமாகச் சுருங்கி, சாய்ந்த அலைகளாக மடிந்துகொள்ளும். நம் பின் ஸ்பாரில் அழுத்தம் 67. 1.5 மி.மீ தடிமனும் 300 மி.மீ உயரமும் கொண்ட வெற்றுத் தகடு ஏறக்குறைய 9-இலேயே சுருங்க ஆரம்பிக்கும். அதற்காக 100 மி.மீக்கு ஒன்றாகச் செங்குத்துப் பட்டைகளை ரிவெட் அடித்து வைத்தால் எல்லை 80-ஐத் தாண்டும், கவலை இல்லை. 150 மி.மீக்கு ஒன்று என்று சிக்கனம் பார்த்தால் 40-ஐ ஒட்டியே நின்றுவிடும்.

சுருங்கினால் உடைந்துவிடும் என்று பொருள் இல்லை. ஹெர்பெர்ட் வாக்னர் 1920களின் கடைசியில் காட்டியபடி, சுருங்கிய தகடு மூலைவிட்டத்தில் இழுபட்டு இன்னும் நிறையத் தாங்கும். ஆனால் அதன் விறைப்பு குறைந்துவிடும். விறைப்பு குறைந்தால் தளர்ச்சி எண் கூடும், தளர்ச்சி எண் கூடினால் பங்கீடே மாறும். சுருங்கிய சுவர் உள்ள அறையில் ஓட்டம் குறைந்து அடுத்த அறைக்குப் போகும், நடுச்சுவரில் வித்தியாசமும் மாறும். ஒரு முறை போட்ட கணக்கு அந்தச் சுமைக்கு மட்டுமே செல்லும். சுமை கூடும்போது மறுபடி போட வேண்டும். ஒரு தகடு மட்டும் அலை அலையாகப் பளபளப்பதைத் தரைச் சோதனையில் பார்த்தால், மற்றத் தகடுகளில் ஒட்டியிருக்கும் அளவிகளின் எண்களும் கணக்கிலிருந்து விலகத் தொடங்கியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உண்மையான இறக்கையில் முறுக்கு மட்டும் வருவதில்லை. தூக்குவிசை ஸ்பார்களில் செங்குத்தான ஷியரையும் கொண்டுவருகிறது. பின் ஸ்பாரில் அது முறுக்கின் ஓட்டத்தோடு ஒரே திசையில் சேரலாம், முன் ஸ்பாரில் எதிராக வரலாம், அல்லது மாறி வரலாம். தூக்குவிசை எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தது அது. முறுக்கின் பங்கை முதலில் தனியாகக் கண்டுபிடித்து, மற்றதைப் பிறகு மேலே வைத்துக் கூட்டுவதே வழக்கம்.

பட்டறையில் இந்த எண்களெல்லாம் கடைசியில் ரிவெட் இடைவெளியாக மாறுகின்றன. முன் ஸ்பாரின் மேல்விளிம்பில் மூன்று தகடுகள் சந்திக்கின்றன. மூக்குத் தகடு 52 கொண்டுவருகிறது, நடுச்சுவர் 49 கொண்டுவருகிறது, பெட்டித் தகடு 101-ஐ எடுத்துச் செல்கிறது. ரிவெட்டுகள் 25 மி.மீ இடைவெளியில் இருந்தால் நடுச்சுவரின் வரிசையில் ஒவ்வொன்றும் சுமார் 1,200 நியூட்டன் தாங்க வேண்டும், பெட்டித் தகட்டின் வரிசையில் 2,500. இந்த எண்களை மட்டும் பார்த்து நடுச்சுவருக்கு இடைவெளியை 50-ஆக்கி ஆணியை மிச்சம் பிடிக்கத் தோன்றும். மூக்கு கிழிந்த கணக்கில் அதே நடுச்சுவரில் ஓட்டம் 111. 25 மி.மீ இடைவெளியிலேயே ஒரு ரிவெட்டுக்கு 2,800 நியூட்டன் விழும், 50-ஆனால் 5,600. அதனால் அந்த வரிசையை முழு இறக்கையின் கணக்கை வைத்து முடிவு செய்வதில்லை, மூக்கு போன இறக்கையின் கணக்கை வைத்தே முடிவு செய்கிறார்கள்.